சாப்பிட்டபின் குனிந்தால் ஏன் எதுக்களிக்கிறது? இறுக்கிய பெல்ட்டும் மேலேறும் அமிலமும்

மதிய உணவு இடைவேளைக்குப் பிந்தைய முதல் பாடவேளையில் தொண்டையைச் செருமிச் செருமிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்து நிமிரும்போது வாயில் புளிப்பு தட்டும். நெஞ்சுக்குழியில் எரியும். "சாம்பார்ல காரம் அதிகம்" என்று சமையலின் மீது பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். காரம் சிலருக்குத் தொந்தரவு தருவது உண்மைதான். ஆனால் உணவு எதுவாக இருந்தாலும், அது வயிற்றுக்குள் போன பிறகு இடுப்பில் எது இறுக்கியிருக்கிறது, உடம்பு எப்படி மடங்குகிறது என்பவையும் அமிலம் மேலே வருமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக அறிவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில், இதை மருந்துக் கடையில் தொடங்காமல் ஒன்பதாம் வகுப்புப் 'பாய்மங்கள்' பாடத்தில் தொடங்கி விளக்கலாம் என்று நினைக்கிறேன். இது அடிப்படையில் ஓர் அழுத்தக் கணக்கு.

வாசலில் இரண்டு காவலர்கள்

தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக்குழல் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ளது. அதன் பெரும்பகுதி மார்புக்கூட்டுக்குள் இருக்கிறது. பிறகு உதரவிதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக வயிற்றுப் பகுதிக்குள் நுழைந்து இரைப்பையோடு சேர்கிறது. இந்தச் சேரும் இடத்தில்தான் வாசல் இருக்கிறது.

வாசலை இரண்டு தசைகள் காக்கின்றன. ஒன்று, உணவுக்குழலின் அடிமுனையில் வளையமாக அமைந்த சுருக்குத்தசை. மற்றொன்று, அதே இடத்தை வெளியிலிருந்து கவ்விப் பிடித்திருக்கும் உதரவிதானத் தசை. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்வரை வாசல் வலுவாக இருக்கும். சுருக்குத்தசை ஓய்வு நிலையில், இரைப்பைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட 10 முதல் 30 மி.மீ. பாதரச அளவு கூடுதலான அழுத்தத்தில் வாசலை மூடி வைத்திருக்கிறது.

ஆனால் இந்த வாசல் எப்போதும் மூடியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் சில விநாடிகள் திறக்கிறது. அதுமட்டுமல்ல, வயிறு நிறைந்து இரைப்பையின் மேற்பகுதி விரியும்போது, நாம் எதையும் விழுங்காவிட்டாலும் சுருக்குத்தசை தானாகவே பத்து விநாடிக்கும் மேல் தளர்ந்துவிடுகிறது. உணவோடு உள்ளே போன காற்று ஏப்பமாக வெளியேறுவதற்காக உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. காற்று போகத் திறக்கும் வாசல் வழியே திரவமும் வரலாம் அல்லவா? எதுக்களிப்பு பெரும்பாலும் சாப்பிட்டபின் வருவதற்கு முதல் காரணம் இதுதான். நலமாக இருப்பவர்களுக்கும் நாளில் சில முறை சிறிதளவு அமிலம் ஏறி இறங்குகிறது. அவர்கள் அதை உணர்வதே இல்லை.

25 செ.மீ. ஏற எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

வாசல் திறந்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் என்ன நடக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரைப்பைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே அதிகம். அதைச் சுமார் 5 மி.மீ. பாதரசம் என்று கொள்வோம். மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. மூச்சை இழுக்கும்போது அதைச் சுமார் 5 மி.மீ. குறைவு என்று கொள்ளலாம். ஆக, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையே ஏறக்குறைய 10 மி.மீ. பாதரச வேறுபாடு எப்போதும் இருக்கிறது. அதாவது, நம் உடலில் இரைப்பையின் பொருளை மேல்நோக்கி இழுக்கும் ஒரு சாய்வு இயல்பாகவே உள்ளது. வாசல் மூடியிருப்பதால்தான் அது தெரிவதில்லை.

பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. ஆகவே 10 மி.மீ. பாதரச அழுத்தம் 13.6 செ.மீ. உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். நிமிர்ந்து நிற்பவருக்கு வாசல் திறந்தாலும், இந்த அழுத்தம் திரவத்தை உணவுக்குழலின் பாதியளவுக்கே ஏற்ற முடியும். மீதியைப் புவியீர்ப்பு தடுத்துவிடுகிறது.

இப்போது இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, வயிற்றுக்குள் அழுத்தத்தை 9 மி.மீ. கூட்டுவோம். வேறுபாடு 19 மி.மீ. ஆகிறது. 19 × 1.36 = 25.8. அதாவது ஏறத்தாழ 26 செ.மீ. நீர்த்தம்பம். உணவுக்குழலின் முழு நீளத்தையும் தாண்டித் தொண்டையை எட்டப் போதுமான அழுத்தம் இது.

உயிருள்ள உணவுக்குழல் கண்ணாடிக் குழாய் அல்ல. அதன் சுவர் சுருங்கித் திரவத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். மூச்சோடு அழுத்தமும் ஏறி இறங்கும். ஆகவே இந்தக் கணக்கைத் துல்லியமான முன்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 9 மி.மீ. என்ற சிறிய எண் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யவல்லது என்பதை இது காட்டுகிறது.

பெல்ட்டைக் கட்டி அளந்தவர்கள்

அந்த 9 என்ற எண் கற்பனையானது அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கென்னத் மெக்கால் தலைமையிலான ஆய்வுக்குழு, மனிதர்களின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டியும் அவிழ்த்தும், உணவுக்குழலிலும் இரைப்பையிலும் மெல்லிய உணரிக் குழாய்களைச் செலுத்தி அழுத்தத்தையும் அமிலத்தையும் அளந்தது.

2014இல் வெளிவந்த முதல் ஆய்வில் பங்கேற்றவர்கள் நெஞ்செரிச்சல் இல்லாத நலமான தன்னார்வலர்கள். பெல்ட் கட்டியதும் இரைப்பையின் மேல்முனை சற்றே மேலே தள்ளப்பட்டது. இதனால் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு காவலர்களும் பிரியத் தொடங்கின. சுருக்குத்தசை மேலே நகர, உதரவிதானம் அதே இடத்தில் நின்றது. அமிலம் உணவுக்குழலின் அடிமுனைக்குள் நுழைந்தது. ஆனால் அது அடிமுனையோடு நின்றுவிட்டதால் அவர்களுக்கு எரிச்சல் தெரியவில்லை. வயிறு பருத்தவர்களிடம் பெல்ட் இல்லாமலே இதே போன்ற மாற்றம் காணப்பட்டது. பருத்த வயிறு என்பது கழற்ற முடியாத பெல்ட் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

2017இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வு, ஏற்கெனவே அமிலத்தால் உணவுக்குழலில் புண் ஏற்பட்டிருந்தவர்களிடம் நடந்தது. எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். பெல்ட் கட்டியதும் இரைப்பையின் அழுத்தம் வெறும் வயிற்றில் சுமார் 7 மி.மீ., உணவுக்குப்பின் சுமார் 9 மி.மீ. கூடியது. உணவுக்குப்பின் அமிலம் ஏறிய தடவைகள் சராசரியாக இரண்டிலிருந்து நான்காக உயர்ந்தன. இதைவிட முக்கியமானது அடுத்த அளவீடு. ஏறிய அமிலம் திரும்ப இறங்கப் பெல்ட் இல்லாதபோது சராசரியாக 23 விநாடிகள் ஆயின. பெல்ட் கட்டியிருந்தபோது 81 விநாடிகள் ஆயின.

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிகவும் அறியத்தக்க செய்தி இதுதான். பெல்ட் அமிலத்தை மேலே தள்ளுகிறது என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். அது செய்யும் பெரிய கெடுதல், ஏறிய அமிலத்தை இறங்கவிடாமல் செய்வது. இயல்பாக, அமிலம் ஏறியதும் நாம் அறியாமலே உமிழ்நீரை விழுங்குகிறோம். அந்த விழுங்கலோடு கிளம்பும் பெரிஸ்டால்சிஸ் அலை அமிலத்தைக் கீழே துடைத்துத் தள்ளும். உமிழ்நீரின் காரத்தன்மை மீதியை நடுநிலையாக்கும். ஆனால் விழுங்கும்போது வாசலும் திறக்க வேண்டுமே! கீழே அழுத்தம் அதிகமாக இருந்தால், இறக்கிவிட்ட அமிலம் திறந்த அதே வாசல் வழியே மறுபடியும் ஏறிவிடுகிறது. புண்ணை உண்டாக்குவதில், எத்தனை முறை ஏறியது என்பதைப் போலவே எவ்வளவு நேரம் தங்கியது என்பதும் முக்கியம்.

ஆய்வில் கட்டப்பட்டது பெல்ட். ஆனால் தன்னைச் சுற்றியிருப்பது தோல் பெல்ட்டா, உள்பாவாடை நாடாவா, சுடிதார் நாடாவா, இறுக்கமான எலாஸ்டிக்கா என்று வயிற்றுக்குத் தெரியாது. புடவை நழுவக் கூடாது என்று காலையில் வெறும் வயிற்றில் இழுத்து முடிந்த நாடா, மதியம் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு இன்னும் இறுக்கும். நிற்கும்போது இருப்பதைவிட உட்காரும்போது வயிற்றின் சுற்றளவு கூடும். காலையில் நின்றுகொண்டு போட்ட துளை, மாலையில் உட்கார்ந்திருக்கும் வயிற்றுக்குப் பொருந்தாது.

குனியும்போது மூன்று நிகழ்வுகள்

பெல்ட் அழுத்தத்தை மட்டும் கூட்டுகிறது. குனிவது அழுத்தத்தைக் கூட்டுவதோடு, நமக்கு உதவியாக இருந்த புவியீர்ப்பையும் எடுத்துவிடுகிறது.

முதலாவதாக, இடுப்பிலிருந்து முன்னால் மடங்கும்போது விலா எலும்புகளுக்கும் தொடைக்கும் இடையே வயிறு நசுங்குகிறது. பெல்ட்டின் கொக்கியும் அப்போது உள்ளே அழுந்துகிறது. இரண்டாவதாக, நிமிர்ந்திருக்கையில் 25 செ.மீ. உயரமாக நின்ற உணவுக்குழல் இப்போது படுத்த குழாயாகிவிடுகிறது. ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தரையிலிருந்து பொருளை எடுக்கத் தலையைத் தாழ்த்தினால், தொண்டை இரைப்பையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, நிமிர்ந்திருக்கும்போது இரைப்பையின் உச்சியில் காற்றும் அடியில் திரவமும் இருக்கும். குனிந்தால் திரவம் வாசலை நோக்கி நகர்கிறது. காற்று வெளியேற வேண்டிய வாசலில் திரவம் வந்து நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். சாப்பிட்டபின் இரைப்பையில் சோறும் மோரும் கலந்து அமிலம் நீர்த்துப்போயிருக்குமே, பிறகு ஏன் எரிகிறது? இதற்கான விடையும் கிளாஸ்கோவிலிருந்தே 2001இல் வந்தது. உணவு அமிலத்தை நடுநிலைப்படுத்துவது உண்மைதான். ஆனால் புதிதாகச் சுரக்கும் அமிலம் முழுவதும் உணவோடு கலந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி, உணவின் மேற்பரப்பில், வாசலுக்கு மிக அருகில் ஒரு தனிப் படலமாகத் தேங்குகிறது. பானையில் மேலே நிற்கும் தெளிவைப் போன்றது இது. குனியும்போது முதலில் வெளியே வருவது இந்தக் கலக்காத அமிலம்தான்.

தொண்டைக்கு ஏன் கூடுதல் பாதிப்பு?

உணவுக்குழலுக்கு அமிலத்தைச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. துடைத்துத் தள்ளும் அலை இருக்கிறது, பல அடுக்குச் செல்களால் ஆன உள்ளுறை இருக்கிறது. குரல்வளைக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. உணவுக்குழலில் பலமுறை ஏறி இறங்கினாலும் தாங்கும் அமிலம், குரல்வளையில் சிறிது பட்டாலே எரிச்சலூட்டும். அமிலத்தோடு புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் வருகிறது. இதனால் சிலருக்கு நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டைத் தொந்தரவு மட்டும் வரலாம். அடிக்கடி செருமல், தொண்டையில் ஏதோ அடைத்ததுபோன்ற உணர்வு, காலையில் கரகரத்த குரல், வறட்டு இருமல் ஆகியவை அதன் அடையாளங்கள். நாளெல்லாம் உரக்கப் பேசுவதும் சாக்பீஸ் தூசியும் ஒவ்வாமையும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், செருமலை வைத்து மட்டும் அமிலம் என்று முடிவுசெய்ய முடியாது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில், குனியும்போதோ படுக்கும்போதோ கூடுகிறதா என்று கவனிப்பது ஒரு நல்ல தடயம்.

ஒருவரின் மதியப் பொழுது

எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு வாரத்தில் நான்கைந்து நாள் மதியம் இரண்டு மணியளவில் புளித்த ஏப்பமும் தொண்டை எரிச்சலும் வரும். ஒருநாள் அவருடைய மதியப் பொழுதை இருவரும் எழுதிப் பார்த்தோம். 12.50க்குச் சாம்பார் சாதமும் தயிர்ச் சாதமும் வயிறு நிறைய. 1.10க்கு நாற்காலியில் உட்கார்ந்து, உயரம் குறைந்த மேசையில் நெஞ்சு படும்படி கவிழ்ந்து நாற்பது நோட்டுகள் திருத்தம். அவற்றைத் தரையில் அடுக்கி, மீண்டும் குனிந்து எடுத்தல். பெல்ட் காலையில் போட்ட அதே துளையில்.

நேரத்தையும் நிலையையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சாப்பிட்ட முதல் ஒரு மணி நேரத்தில் வாசல் அடிக்கடி தளர்கிறது. அமிலப் படலம் மேலே நிற்கிறது. பெல்ட் அழுத்தத்தைக் கூட்டுகிறது. கவிழ்ந்த நிலை உயரத்தைக் குறைக்கிறது. நான்கும் ஒரே நாற்பது நிமிடத்தில் கூடின.

அவர் மாற்றியவை மூன்று. சாப்பிட உட்காரும் முன் பெல்ட்டை இரண்டு துளை தளர்த்தினார். வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் இடையே உட்கார்ந்த நிலையிலும் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும் என்பதை அளவாக வைத்துக்கொண்டார். நோட்டுத் திருத்தத்தைக் காலை ஓய்வுப் பாடவேளைக்கு மாற்றி, மதியம் நின்றுகொண்டு செய்யும் வேலைகளை வைத்துக்கொண்டார். கீழே உள்ளதை எடுக்க இடுப்பை மடக்காமல், முதுகை நிமிர்த்தி முழங்காலை மடக்கினார். மூன்றாம் வாரத்தில் எதுக்களிப்பு வாரத்துக்கு ஒருநாள் என்று குறைந்தது. காலைக் கரகரப்பு மட்டும் நீடித்ததால் மருத்துவரைப் பார்த்தார். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேர இடைவெளி விடச் சொல்லி, சில வாரங்களுக்கு மாத்திரையும் தந்தார். ஒருவரின் அனுபவம் ஆய்வு ஆகாது. ஆனால் செலவில்லாமல் இரண்டு வாரம் செய்து பார்க்கத்தக்கது.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். சீருடை பெல்ட்டை மதிய உணவுக்கு முன் ஒரு துளை தளர்த்தச் சொல்லலாம். தரையில் அமர்ந்து குனிந்து எழுதும் வேலையைச் சாப்பிட்டவுடன் தராமல், கதை, பாடல், வாய்மொழிப் பயிற்சி என்று தொடங்கலாம். குனிந்து நிமிரும் உடற்பயிற்சிகளை உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் தவிர்க்கலாம்.

வகுப்பறையில் செய்து காட்ட

ஒரு லிட்டர் மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, 50 செ.மீ. நீளமுள்ள ஒளிபுகும் மெல்லிய குழாயைச் செருகுங்கள். குழாயின் உள்முனை பாட்டிலின் நடுப்பகுதி வரை இறங்கியிருக்கட்டும். மூடியின் விளிம்பைக் காற்றுப் புகாமல் மெழுகாலோ எம்-சீலாலோ அடையுங்கள். எலுமிச்சைச் சாறும் செம்பருத்திச் சாறும் கலந்த சிவந்த நீரை முக்கால் பாட்டில் ஊற்றி மூடுங்கள். மூடிக்கு மேலே குழாயில் 25 செ.மீ. உயரத்தில் 'தொண்டை' என்று அடையாளமிடுங்கள்.

முதலில் மூடிக்குச் சற்று மேலே குழாயை மடித்து, துணி கிளிப்பால் இறுக்கிக்கொண்டு பாட்டிலை அழுத்துங்கள். நீர் ஏறாது. இது மூடிய வாசல். கிளிப்பை எடுத்துவிட்டு, பாட்டிலின் நடுவில் ஒரு பெல்ட்டைச் சுற்றி மெல்ல இறுக்குங்கள். நீர் குழாயில் ஏறும் உயரத்தை அளவுகோலால் குறியுங்கள். செ.மீ.இல் கிடைக்கும் உயரத்தை 1.36ஆல் வகுத்தால் அழுத்தம் மி.மீ. பாதரசத்தில் கிடைக்கும். பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, பாட்டிலையும் குழாயையும் கிடையாகப் பிடித்து இலேசாக அழுத்துங்கள். முன்பு பாதிக்குமேல் ஏறாத அழுத்தத்திலேயே நீர் குழாயின் மறுமுனையில் வந்து சொட்டும்.

இந்த மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பதையும் மாணவர்களிடம் கேளுங்கள். பாட்டில் சுவர் தானாக விரியாது. உண்மையான இரைப்பை உணவு வரும்போது தசையைத் தளர்த்தி இடம் கொடுக்கும். அதனால்தான் அளவோடு சாப்பிட்டால் உள்ளழுத்தம் அதிகம் கூடுவதில்லை. குழாய்க்கு விழுங்கத் தெரியாது. கிளிப்புக்கு உதரவிதானத்தின் துணை இல்லை. இந்த மூன்று வேறுபாடுகளையும் மாணவர்களே சொன்னால் பாடம் முடிந்தது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

உணவு விழுங்கும்போது சிக்கிக்கொள்வது, காரணமின்றி எடை குறைவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றம் ஆகியவை பெல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யும் விஷயங்கள் அல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் எதுக்களிப்பு தொடர்ந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் இருந்தால் அதை வாயு என்றோ நெஞ்செரிச்சல் என்றோ எண்ணிக் காத்திருக்கக் கூடாது. இதயப் பாதிப்பும் அப்படித்தான் தொடங்கும். உடனே 108ஐ அழையுங்கள்.